கருத்த மேனியின் மினுக்கு சாம்பல் ஆக வேண்டியதில்லை

பெருமாநல்லூர், குன்னத்தூர், அவிநாசி, திருப்பூர் வட்டாரத்து ஸ்டுடியோக்காரர்களுக்கும், ஆல்பம் டிசைனர்களுக்கும், பனியன் கம்பெனிகளுக்கு கேட்லாக் படம் எடுத்துத் தரும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களையும் பனியன் பெட்டிகளின் மேல் அச்சாகும் படங்களையும் தொடர்ந்து பார்த்து வருகிறேன். படம் எடுக்கும் கை தேர்ந்திருக்கிறது. கேமரா, லென்ஸ் எல்லாம் சென்னைக்காரர்கள் வைத்திருப்பதற்குக் குறைந்ததில்லை. ஆனால் கருத்த தோல் உள்ளவர்களின் படங்களில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது. நெற்றி, கன்னமேடு, மூக்குத்தண்டு, தோள்பட்டை என வெளிச்சம் விழும் இடங்களில் தோல் மினுங்குவதற்குப் பதில் சாம்பல் பூசினாற்போல் இருக்கிறது. நேரில் பார்த்தால் எண்ணெய் தேய்த்த தேக்குமரம் போல் இருக்கும் மனிதர், படத்தில் தூசி படிந்தவராகத் தெரிகிறார். இது ஏன் வருகிறது, எங்கே வருகிறது, எப்படிச் சரிசெய்வது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் தோலில் வெளிச்சம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். முகத்தில் விழும் ஒளியில் ஒரு பங்கு தோலுக்குள் இறங்கி, மெலனினையும் ரத்தத்தையும் தொட்டு, பழுப்புச் சிவப்பாகத் திரும்பி வருகிறது. இதுதான் தோலின் நிறம். இன்னொரு சிறு பங்கு உள்ளே போகாமல், தோல் மேலுள்ள எண்ணெயிலும் வியர்வையிலும் பட்டு அப்படியே தெறிக்கிறது. நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்குபோலத்தான் இது இருக்கும், பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் கூடும். இந்தத் தெறிப்பில் தோலின் நிறம் துளியும் கிடையாது. விளக்கு என்ன நிறமோ அதே நிறம்தான். வெளுத்த தோலில் உள்ளிருந்து வரும் ஒளியே நிறைய இருப்பதால் இந்தத் தெறிப்பு அதற்குள் கரைந்துவிடும். கருத்த தோலில் உள்ளிருந்து வருவது குறைவு. அதனால் அதே நான்கு பங்கு தனியாக, பளிச்சென்று நிற்கும். கருத்த மேனிக்கு இயற்கையிலேயே மினுக்கு அதிகம் தெரிவதன் காரணம் இதுதான்.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. அந்த மினுக்கு வெள்ளையாக இருக்கும்வரை கண் அதை ஒளி என்று எடுத்துக்கொள்ளும். நிறமில்லாத அதே வெள்ளையை நாம் கீழே இழுத்தால் அது பழுப்பாக மாறாது. வெள்ளையை மங்கலாக்கினால் சாம்பல்தான் கிடைக்கும். எடிட்டிங்கில் ஹைலைட்டைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் நாம் செய்வது இதைத்தான்.

இதை ஒரு படத்தில் வைத்துப் பார்ப்போம். நம் ஊரில் தினமும் எடுக்கப்படும் படம்தான். கையில்லாத வெள்ளை பனியன் போட்ட இளைஞர் ஒருவர். அடர்ந்த பழுப்பு நிறம், வெளிவேலை செய்து உரமேறிய தோள்கள். கம்பெனி சாம்பிள் ரூமில், மேலே எல்.இ.டி. ட்யூப் எரிய, ஒரு சாஃப்ட்பாக்ஸ் வைத்து எடுத்த படம். படத்தில் பாதியை வெள்ளை பனியன் அடைத்திருப்பதால் கேமராவின் மீட்டர் ஏமாந்து எக்ஸ்போஷரைக் குறைத்துவிடுகிறது. முகம் இருட்டாக விழுகிறது. எடிட் செய்பவர் லைட்ரூமில் Exposure +1.30 ஏற்றுகிறார். முகம் சரியாகிறது. ஆனால் பனியனின் ரிப் கோடுகள் மறைந்து வெள்ளைக் காகிதமாகிவிடுகின்றன. கம்பெனிக்குத் துணிதானே முக்கியம்? உடனே Highlights ஸ்லைடரை −80 வரை இழுக்கிறார். ரிப் கோடுகள் திரும்பி வந்துவிட்டன. வேலை முடிந்தது என்று அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்.

அந்தப் படத்தைப் போட்டோஷாப்பில் திறந்து Info பேனலைப் பாருங்கள். F8 அழுத்தினால் வரும். ஐட்ராப்பரின் Sample Size-ஐ 5 by 5 Average என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பிக்சலில் நாய்ஸ் ஏமாற்றும். கன்னத்தின் நடு நிறத்தில் வைத்தால் 112, 72, 52 என்று காட்டுகிறது. நல்ல பழுப்பு, சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே 60 வித்தியாசம். தோள்மேட்டு ஹைலைட்டில் வைத்தால் 188, 180, 176. மூன்று எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. சிவப்புக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் வெறும் 12. சாம்பல் என்று கண் சொல்வதை எண் உறுதி செய்கிறது. ஹைலைட்டைக் குறைக்கும் முன் அதே இடம் 250, 246, 243 ஆக இருந்தது. அப்போதும் நிறம் இல்லைதான், ஆனால் அது விளக்கின் பிரதிபலிப்பாகப் படித்தது. இப்போது தோலின் மேல் ஒரு படலமாகப் படிக்கிறது.

பனியனுக்காக இழுத்த ஸ்லைடர் தோளைக் கெடுத்தது என்பதுதான் இந்தப் படத்தின் கதை. கல்யாண ஆல்பத்தில் பனியன் இருந்த இடத்தில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டி இருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு.

ஆகவே முதல் திருத்தம், ரா ஃபைலுக்கே திரும்பிப் போவது. Exposure +1.30 அப்படியே இருக்கட்டும். மொத்தப் படத்துக்கும் Highlights −15 அல்லது −20 போதும். பனியனை மட்டும் தனி மாஸ்க்காகத் தேர்ந்தெடுத்து, அதற்குள் மட்டும் Highlights −70 இழுங்கள். துணிக்குத் துணி, தோலுக்குத் தோல் என்று பிரிந்துவிடும். Shadows ஸ்லைடரையும் அளவாகவே ஏற்றுங்கள். +50, +60 என்று ஏற்றினால் இருண்ட பழுப்பின் உள் கான்ட்ராஸ்ட் தட்டையாகி, கன்னத்தின் கீழ்ப்பகுதி வெளிறும். மேலே சாம்பல், கீழே வெளிறல் என்று இரண்டும் சேர்ந்தால் அந்த முகத்தில் உயிர் தங்காது.

அடுத்தது போட்டோஷாப் வேலை. இப்போது தோள்மேட்டில் காசு அளவுக்கு 250, 246, 243 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்கு நிறம் கொடுக்க வேண்டும், ஆனால் மினுக்கைக் கொல்லக்கூடாது. பலர் இங்கே Color பிளெண்ட் மோடில் லேயர் போட்டு, பழுப்பை எடுத்துப் பூசுகிறார்கள். சாம்பலாகிவிட்ட இடத்துக்கு அது ஓரளவு உதவும். வெள்ளைக்கு அருகில் இருக்கும் இடத்தில் பிடிக்காது. Color மோடு வெளிச்ச அளவைத் தொடாமல் நிறத்தை மட்டும் மாற்றுவது, உச்ச வெளிச்சத்தில் நிறம் உட்காரவே இடமில்லை. பூசிக்கொண்டே போனால் ஓரங்கள் ஆரஞ்சாகி நடு மட்டும் வெள்ளையாக நிற்கும்.

நான் சொல்வது Darken மோடு. புது வெற்று லேயர் ஒன்றை எடுத்து அதன் மோடை Darken என்று வையுங்கள். பக்கத்திலேயே Darker Color என்று ஒன்று இருக்கிறது, அது வேறு, அதை எடுக்காதீர்கள். அதே தோளில், மினுக்கின் விளிம்பில், பழுப்பு முடிந்து வெள்ளை தொடங்கும் வளையம் ஒன்று இருக்கும். வெளிச்சமும் இருக்கும், நிறமும் இருக்கும். நம் படத்தில் அது 206, 164, 138. அந்த நிறத்தை Alt அழுத்தி எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் மினுக்கின் மேல் பூசுங்கள். லேயரின் Opacity-யை 30% ஆக்குங்கள். நடுவில் இருந்த 250, 246, 243 இப்போது 237, 221, 212 ஆகிறது. சிவப்புக்கும் நீலத்துக்கும் இடைவெளி 7-லிருந்து 25 ஆகிவிட்டது. வெளிச்சம் பெரிதாகக் குறையவில்லை. வெள்ளைத் தெறிப்பு, தோலுக்குச் சொந்தமான தெறிப்பாக மாறிவிட்டது.

Darken ஏன் இவ்வளவு பொருத்தம் என்றால், அது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக ஒப்பிட்டு, எது குறைவோ அதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. சுற்றியுள்ள பழுப்பில் மூன்று எண்ணும் ஏற்கெனவே நம் நிறத்தைவிடக் குறைவு, அதனால் பிரஷ் அங்கே வழிந்தாலும் ஒன்றும் ஆகாது. நுணுக்கமாக மாஸ்க் வெட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சாம்பல் இடத்தில் சிவப்பை விட்டுவிட்டு, கூடுதலாக இருக்கும் பச்சையையும் நீலத்தையும் மட்டும் இறக்குகிறது. சாம்பலில் நமக்கு வேண்டாதது அவை இரண்டும்தானே.

ரா ஃபைல் இல்லை, கெட்டுப்போன ஜேபெக் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றாலும் இதே லேயர் உதவும். 188, 180, 176 மேல் அதே நிறத்தை 50% Opacity-யில் பூசினால் 188, 172, 157 கிடைக்கும். சிவப்பு அசையவில்லை, நீலம் 19 இறங்கிவிட்டது. கொஞ்சம் மங்கும், பிறகு ஒரு Curves லேயரால் சிறிது தூக்கிக்கொள்ளலாம்.

கண்ணின் வெள்ளை, பல், பனியன் ஆகியவற்றில் பிரஷ் படாமல் பாருங்கள். அங்கே பட்டால் மஞ்சள் காமாலைதான். இன்னொன்றும் உண்டு. நம் ஆட்கள் நெற்றியில் விபூதி இல்லாமல் கேமரா முன்னால் நிற்பது அபூர்வம். விபூதி உண்மையிலேயே சாம்பல். அதைச் சரிசெய்கிறேன் என்று நிறம் ஏற்றினால் சந்தனமாகிவிடும். இரண்டையும் பிரித்தறிவது எளிது. விபூதி பொடி, அதனால் விரல் இழுத்த கோட்டின் வடிவத்தில் சீராகப் படிந்திருக்கும். கெட்ட ஹைலைட் விளக்கின் திசையைப் பார்த்துப் புடைப்புகளில் உட்கார்ந்திருக்கும். பவுண்டேஷனும் இதில் சேர்ந்துகொள்ளும். டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த கிரீமும் பவுடரும் ஃபிளாஷில் வெள்ளையாக எழும். அந்தச் சாம்பல், தாடைக் கோட்டில் மேக்கப் முடியும் இடத்தோடு நின்றுவிடும். கழுத்து பழுப்பாகவும் முகம் மட்டும் சாம்பலாகவும் இருந்தால் குற்றம் எடிட்டிங்கில் இல்லை, மேக்கப் போடும் அக்காவிடம் முன்கூட்டியே பேசி, ஃபிளாஷில் ஒரு சோதனைப் படம் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

சாம்பல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாதபோது ஒரு வழி இருக்கிறது. எல்லா லேயருக்கும் மேலே Hue/Saturation லேயர் ஒன்று போட்டு Saturation-ஐ +70 ஆக்குங்கள். முகம் முழுதும் செங்கல் நிறமாகும். அதில் எந்த இடம் ஏறாமல் செத்துக் கிடக்கிறதோ அதுதான் நோய் பிடித்த இடம். வேலை முடியும்வரை அந்த லேயரை வைத்திருங்கள், அவ்வப்போது அதன் கண் குறியைத் திறந்து மூடிப் பாருங்கள், கடைசியில் அழித்துவிடுங்கள். படத்தை 25% அளவுக்குச் சுருக்கியும் பாருங்கள். 100%-இல் தோலின் நுண்துளைகள் கவனத்தை இழுத்துவிடும், சுருக்கினால் சாம்பல் திட்டு தானாக முன்னே வரும்.

சாம்பலை நீக்கியதும் மேனி மினுங்கத் தொடங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மினுக்கு என்பது வெளிச்சத்தின் அளவில் இல்லை. அடர் பழுப்பிலிருந்து செம்பழுப்புக்கும், அங்கிருந்து உச்ச மினுக்குக்கும் ஏறும் படிக்கட்டில் இருக்கிறது. அந்த நடுப்படி அகலமாக, நிறத்தோடு இருந்தால் தோல் உள்ளிருந்து ஒளிர்வதுபோலத் தெரியும். அது குறுகியிருந்தால் எவ்வளவு வெள்ளை வைத்தாலும் எண்ணெய்ப் பிசுக்குதான்.

இரண்டு Curves லேயர் போதும். தூக்குவதற்கு ஒன்று, Input 150, Output 165. அதே லேயரில் Red சேனலுக்குள் போய் 150-ஐ 154 ஆக்குங்கள். இந்தச் சிறு சிவப்புதான் நடுப்படிக்கு உயிர். அமுக்குவதற்கு இன்னொன்று, Input 90, Output 82. இரண்டின் மாஸ்க்கையும் Ctrl+I அழுத்திக் கறுப்பாக்கிவிட்டு, வெள்ளைப் பிரஷ்ஷின் Flow-வை 4% வைத்து மெல்ல மெல்லத் தீட்டுங்கள். கன்னமேட்டின் மினுக்கைச் சுற்றி, மூக்குத்தண்டின் ஓரமாக, காறை எலும்பின் மேல், தோள் உருண்டையில் தூக்குங்கள். தாடைக்கு அடியில், கன்னக்குழியில், கழுத்தின் பக்கத்தில் அமுக்குங்கள். மினுக்கின் உச்சியைத் தொடாதீர்கள். அமுக்கும் கை தூக்கும் கைக்குக் குறையாமல் வேலை செய்ய வேண்டும். பக்கத்து இருட்டு ஆழமானால் மினுக்கு தானே எழும், அதற்கு இன்னும் வெள்ளை வேண்டியதில்லை.

வெள்ளை நிறத்தை எடுத்து Soft Light-இல் பூசுவதும், படத்தை மங்கலாக்கி Screen-இல் மேலே போர்த்துவதும் நம் ஊரில் பரவலாக இருக்கும் 'குளோ' வேலைகள். வெளுத்த தோலில் அவை பனிபோல் இருக்கலாம். கருத்த தோலில் அவை வெள்ளைத் திரையை விரித்து, கறுப்பை மங்கலாக்கி, மொத்த முகத்தையும் சாம்பல் ஆக்கும். Clarity-யை அதிகமாக ஏற்றினாலும் இதே கதிதான். ஃபிரீக்வென்சி செப்பரேஷன் செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கீழ் லேயரை லாசோ போட்டு மங்கலாக்கும்போது வெள்ளை மினுக்கு சுற்றியுள்ள பழுப்போடு கலந்து அகன்ற சாம்பல் திட்டாகிறது. முதலில் Darken லேயரால் நிறத்தைச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகு தோலை மென்மையாக்குங்கள். வரிசை மாறினால் திட்டு நிலைத்துவிடும்.

படம் எடுக்கும் இடத்திலேயே இதில் பாதியைத் தடுக்கலாம். மினுக்கின் நிறம் விளக்கின் நிறம் என்று சொன்னேன். அப்படியானால் விளக்கைச் சற்றுச் சூடாக்கினால் மினுக்கும் சூடாகும். சாஃப்ட்பாக்ஸின் முன்னால் மெல்லிய ஆரஞ்சு ஜெல், எட்டில் ஒரு பங்கு சி.டி.ஓ., போதும். அதுவும் இல்லையென்றால் நம் ஊரில் இல்லாத பொருளா? நிட்டிங்கிலிருந்து இறங்கிய, ப்ளீச் போகாத பருத்தித் துணி பாலாடை நிறத்தில் இருக்கும். அதை ஒரு ஃபிரேமில் இழுத்துக் கட்டி, ஃபிளாஷை அதில் அடித்துத் திருப்புங்கள். அகலமான, மிதமான, லேசாக மஞ்சள் படர்ந்த ஒளி வரும். தோளில் காசு அளவு வெள்ளைக்குப் பதில் உள்ளங்கை அகலத்துக்குச் செம்பழுப்பு மினுக்கு கிடைக்கும்.

ப்ளீச் போன வெள்ளை பனியன் இதற்கு நேர் எதிர். அதில் ஏற்றியிருக்கும் வைட்னர், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீலமாகக் கக்கும். எந்தக் கம்பெனியின் லைட் பாக்ஸிலும் யு.வி. விளக்கு இருப்பது இதைப் பார்க்கத்தான், மெர்ச்சண்டைசர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஃபிளாஷிலும் புற ஊதா ஓரளவு இருக்கும். அதனால் படத்தில் பனியன் 236, 240, 250 என்று நீலம் தட்டும். 'வெள்ளைதானே' என்று ஒயிட் பேலன்ஸ் ஐட்ராப்பரை அதில் அமுக்கினால், நீலத்தைச் சமன்செய்ய மென்பொருள் மொத்தப் படத்தையும் மஞ்சளாக்கும். முகம் மஞ்சளாகிவிட்டதே என்று பிறகு நாம் Saturation-ஐக் குறைப்போம். சாம்பல் வரும் இன்னொரு வாசல் இது. முதல் படத்திலேயே மாடலின் கையில் சாம்பல் அட்டை கொடுத்து ஒன்று எடுத்துவிடுங்கள், அதில் ஐட்ராப்பரை வையுங்கள்.

மேலே எரியும் எல்.இ.டி. ட்யூபை அணைத்துவிடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். விளக்கின் தரத்துக்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் போடுகிறார்கள். அது எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி. ஆழ்ந்த சிவப்பு, அதாவது ஆர்9, அந்தக் கணக்கில் வராது. 80 என்று போட்டிருக்கும் மலிவு ட்யூபில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோகூட இருக்கலாம். பழுப்புத் தோலின் நிறம் சிவப்பில்தான் குடியிருக்கிறது. விளக்கில் இல்லாத சிவப்பைத் தோல் திருப்பித் தராது, எடிட்டிங்கில் எவ்வளவு ஏற்றினாலும் அது பச்சை கலந்த ஆரஞ்சாகத்தான் வரும். பையர் அனுப்பிய ஷேடை டி65-இலும் டி.எல்.84-இலும் மாற்றி மாற்றிப் பார்த்து, ஒரு பிடி வித்தியாசம் வந்தால் லாட்டையே திருப்பி அனுப்பும் ஊர் இது. அந்தத் துணியைப் போட்டிருக்கும் மனிதருக்கும் அந்த அக்கறை கிடைக்க வேண்டும்.

கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டத்தில் எடுக்கும் படங்களைப் பற்றி உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். பங்குனியில் அதிகாலை எடுக்கும் அந்தப் படங்கள் தனி வகை. கீழிருந்து கனலின் செவ்வொளி, மேலிருந்து ஃபோகஸ் லைட்டின் நீல வெள்ளை. தாடையும் மார்பும் செம்பாக இருக்கும், நெற்றியும் தோளும் நீலச் சாம்பலாக இருக்கும். ஒரே ஒயிட் பேலன்ஸில் இரண்டையும் பிடிக்க முடியாது. கனலுக்குச் சரிசெய்தால் தோள் இன்னும் நீலமாகும். ஒயிட் பேலன்ஸை ஃபோகஸ் லைட்டை ஒட்டி வைத்துவிட்டு, கனலின் சிவப்பை அப்படியே விடுங்கள், அது அந்த இடத்தின் உண்மை. நீலம் தட்டும் மேல் மினுக்குகளில் மட்டும் Darken லேயரை 40% வரை போடுங்கள். லேயரின் Blend If பகுதியில் Underlying Layer-இன் இடது முக்கோணத்தை Alt அழுத்திப் பிரித்து 140, 180 என்று வைத்தால், புகையும் இருட்டும் தொடப்படாமல் மினுக்கில் மட்டும் வேலை நடக்கும். வியர்வை அதிகம் உள்ள முகத்தில் நெற்றி முழுதும் 255-இல் முட்டியிருந்தால் அங்கே தகவலே இல்லை. எந்த ஸ்லைடரும் திரும்பக் கொண்டுவராது. அந்தப் படத்தை விட்டு அடுத்த படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு ப்ரீசெட் வந்து எல்லாவற்றையும் அழித்துவிடும். சந்தையில் விற்கும் கல்யாண ப்ரீசெட்டுகள் பலவற்றைத் திறந்து ஆரஞ்சு வரிசையைப் பாருங்கள். Luminance +20, +30. Saturation −15, −20. மனிதத் தோல் பெரும்பாலும் ஆரஞ்சு வரிசையில்தான் விழும். இந்த இரண்டு எண்ணும் சேர்ந்தால் வெளுத்த தோல் கிரீம் ஆகும், கருத்த தோல் சிமென்ட் ஆகும். அதை உருவாக்கியவர் தன் முன்னாலிருந்த தோலுக்கு ஏற்ப வைத்தது. நம் ஊர் முகத்துக்குப் போடும்போது ஆரஞ்சின் இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். மீதி உங்கள் விருப்பம்.

வெளுத்த தோலையே அளவுகோலாக வைக்கும் இந்தப் பழக்கம் ப்ரீசெட்டோடு தொடங்கியதும் இல்லை. கோடாக் நிறுவனம் 1950-களிலிருந்து ஃபோட்டோ லேப்களுக்கு அனுப்பிய நிறச் சோதனை அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருந்தது. 'ஷெர்லி கார்டு' என்று அதற்குப் பெயர். அவர் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. கனடாவில் பேராசிரியராக இருந்த லோர்னா ராத் இந்த வரலாற்றைத் தோண்டி 2009-இல் எழுதினார். அடர் பழுப்பின் நுணுக்கங்களைப் பிடிக்கும்படி ஃபிலிம் திருந்தியதில், சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் விளம்பரப் படங்களைப் பற்றிச் சொன்ன புகார்களுக்குப் பங்கு உண்டு என்று அதில் இருக்கிறது. சாக்லேட்டுக்குக் கிடைத்த கவனம் மனிதருக்குப் பிறகுதான் கிடைத்தது. எனக்கு இது இன்றும் ஆறாத வருத்தம்.

நம் பக்கத்திலேயே மாற்று வழியும் காட்டியிருக்கிறார்கள். 2017 டிசம்பரில் சென்னையில் புகைப்படக் கலைஞர் நரேஷ் நீலும் விளம்பரத் துறையைச் சேர்ந்த பரத்வாஜ் சுந்தரும் 'டார்க் இஸ் டிவைன்' என்ற படத்தொடரை எடுத்தார்கள். லட்சுமி, முருகன், சிவன் எனத் தெய்வ வடிவங்களில் கருத்த நிறத்து மாடல்கள். அந்தப் படங்களைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நகையின் தங்க ஒளியும் தோலின் பழுப்பும் ஒன்றையொன்று தூக்குகின்றன.

'கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க தம்பி' என்று பெண் வீட்டார் கேட்பார்கள் என்பது தெரியும். பணம் கொடுப்பவர்கள் அவர்கள். சண்டை போடச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கேட்பது பெரும்பாலும் வெளுப்பை இல்லை என்பது என் கணிப்பு. சாம்பலாக, சோர்ந்து தெரியும் முகத்தைப் பார்த்து, அதைச் சரிசெய்யத் தெரிந்த ஒரே சொல்லைச் சொல்கிறார்கள். முகம் மினுங்க ஆரம்பித்ததும் அந்தக் கேள்வி பல வீடுகளில் எழுவதே இல்லை.

அச்சுக்கு அனுப்புவதைப் பற்றி இரண்டு வரி. மானிட்டரின் வெளிச்சத்தை 100 முதல் 120 நிட்ஸுக்குள் வையுங்கள். முழு வெளிச்சத்தில் வேலை செய்தால் திரையில் மினுங்கும் முகம் ஆல்பத்தில் இருண்டு போகும். பனியன் பெட்டிக்கு ஆஃப்செட்டில் போகும் படம் என்றால் தோலின் சி.எம்.ஒய்.கே. எண்ணைப் பாருங்கள். மஞ்சள், மெஜந்தாவுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். சயான் மெஜந்தாவை நெருங்கினால் அச்சில் சாம்பல் நிச்சயம்.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முகூர்த்தத்தில், ஆல்பம் மொத்தத்தையும் மாற்ற வேண்டாம். மணப்பெண்ணின் முகம் மட்டும் உள்ள ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கமான ப்ரீசெட்டில் ஒன்று, ஆரஞ்சைத் தொடாமல் Darken லேயரோடு இன்னொன்று. இரண்டையும் ஒரே லேபில், ஒரே வகைத் தாளில் 6×4 அளவில் அச்சடியுங்கள். எது எது என்று சொல்லாமல் பெண்ணின் கையிலேயே கொடுத்து, எந்தப் படத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர் சுட்டும் படத்தின் வழியில் மீதி ஆல்பத்தை முடியுங்கள்.

அன்புடன்,
உங்களோடு இதே தொழிலில் இருக்கும் ஒருவன்
பெருமாநல்லூர்